முழுநேர வேலையோடு சொந்தத் தொழிலும்: ரெஸ்யூமில் எப்படிப் போடுவது?

வரைகலை_கோவை · 2 ஆகஸ்ட் 2025

அனைவருக்கும் வணக்கம். கோவையில் ஒரு பம்ப் தயாரிக்கும் நிறுவனத்தில் 2018 ஜூலையிலிருந்து டிசைன் இன்ஜினியராக இருக்கிறேன். 2021 ஏப்ரலிலிருந்து இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் சிறிய ஃபவுண்டரிகளுக்கு வரைபட வேலை செய்து தருகிறேன். அவர்களிடம் பழைய காகித வரைபடமோ உடைந்த உதிரியோதான் இருக்கும். அதை அளந்து 3டி மாடலாக்கி, பேட்டர்ன் செய்பவருக்குச் சுருக்க அளவும் மெஷினிங் அளவும் சேர்த்துக் கொடுப்பேன். ஆண்டுக்கு மூன்று, மூன்றரை லட்சம் வருகிறது. உத்யம் பதிவு இருக்கிறது. வருமான வரிக் கணக்கில் ஒழுங்காகக் காட்டுகிறேன்.

இப்போது ஓசூர், பெங்களூரு பக்கம் வேலை தேடுகிறேன். ரெஸ்யூமில் இப்படி இருக்கிறது:

> சீனியர் டிசைன் இன்ஜினியர், (பம்ப் நிறுவனம்), ஜூலை 2018 – இன்றுவரை
> நிறுவனர், (என் பெயரில்) டிசைன் சொல்யூஷன்ஸ், ஏப்ரல் 2021 – இன்றுவரை
> மொத்த அனுபவம்: 11 ஆண்டுகள்

ஒரு கன்சல்டன்சியிலிருந்து பேசியவர், "நீங்கள் உண்மையில் எந்த வேலையில் இருக்கிறீர்கள்?" என்று கேட்டார். விளக்கினேன். அப்புறம் அழைப்பே இல்லை. பேட்டர்ன் வேலை தெரிந்த டிசைனர் அதிகம் இல்லை, அதனால் இதை எடுத்துவிட மனம் வரவில்லை. சந்தேகம் வராதபடி எப்படி எழுதுவது?

---

திருப்பூர்_சரவணன்

தம்பி, நான் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். என் பதில் நேரடியானது. எடுத்துவிடு. உன் சொந்தத் தொழிலுக்கு பிஎஃப் கிடையாது. பிஎஃப் இல்லாத இடத்தில் நீ வேலை பார்த்தது யூஏஎன்-இல் வராது. யூஏஎன்-இல் வராததை எந்த வெரிஃபிகேஷனும் பிடிக்காது. அதோடு ஃபேக்டரி சட்டத்திலேயே இரண்டு இடத்தில் வேலை பார்க்கத் தடை இருக்கிறது. 2022-இல் விப்ரோவில் 300 பேரை இதற்காகத்தானே வெளியே அனுப்பினார்கள்? நீயே எழுதிக் கொடுத்து எதற்கு மாட்டிக்கொள்ள வேண்டும்?

இல்லையென்றால் தொழிலை வீட்டம்மா பெயருக்கு மாற்றிவிடு. பிரச்சினை தீர்ந்தது.

---

நித்யா_குரோம்பேட்டை

எனக்கும் இதே பிரச்சினைதான்! பழைய கம்பெனியில் மே 9-ஆம் தேதி கடைசி நாள். புதிய இடத்தில் மே 12 சேர்ந்தேன். ஆனால் பிஎஃப் சர்வீஸ் ஹிஸ்டரியில் பழைய கம்பெனி மே 31 வரை என்று போட்டிருக்கிறது. இப்போது நான் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருந்தது போலத் தெரிகிறது. பிஎஃப் பணத்தை மாற்ற முடியுமா? ரெஸ்யூமில் மே 31 என்று போடவா, மே 9 என்று போடவா?

---

மீனாட்சி_சரிபார்ப்பு

பணியாளர் பின்னணி சரிபார்க்கும் நிறுவனத்தில் பல வருடம் இருந்தேன், இப்போது ஒரு கம்பெனியின் ஹெச்ஆர் பிரிவில் இருக்கிறேன். இந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

நித்யா, உங்களுடையது வேறு விஷயம், அதை முதலில் முடித்துவிடலாம். பழைய ஹெச்ஆர் மாதக் கடைசியைப் போட்டுவிட்டார்கள். நிறைய நடக்கிறது. ரெஸ்யூமில் ரிலீவிங் லெட்டரில் உள்ள மே 9-ஐத்தான் போட வேண்டும். பழைய கம்பெனி மூலமாக ஜாயின்ட் டிக்ளரேஷன் கொடுத்துத் தேதியைத் திருத்தலாம். இந்த மாதிரிச் சில நாள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் அந்த ஒரே காரணத்துக்காகப் பணம் மாற்றும் கோரிக்கையை நிராகரிக்கக் கூடாது என்று இந்த ஆண்டு மே மாதம் இபிஎஃப்ஓ சுற்றறிக்கையே விட்டிருக்கிறது. சரிபார்ப்பவர்கள் கேட்டால் ரிலீவிங் லெட்டரைக் காட்டுங்கள், அதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

சரவணன் சார் சொன்னதில் பாதி சரி. யூஏஎன்-இல் வராது என்பது உண்மை. ஆனால் 2022-க்குப் பிறகு பல நிறுவனங்கள் யூஏஎன்-ஓடு நிறுத்துவதில்லை. வேட்பாளரிடமே 26AS-ஐ டவுன்லோடு செய்து தரச் சொல்கிறார்கள். அதில் யார் யார் உங்கள் பானில் வரி பிடித்தார்கள் என்று பெயரோடு, பிரிவு எண்ணோடு இருக்கும். உங்கள் பெயர் தெரியாது, வரைகலை என்றே கூப்பிடுகிறேன். உங்கள் ஃபவுண்டரிகளில் யாராவது டிடிஎஸ் பிடித்திருக்கிறார்களா?

---

வரைகலை_கோவை

இரண்டு பேர் பிடிக்கிறார்கள் மேடம். 194J என்று வருகிறது. மற்றவர்கள் சிறியவர்கள், பிடிப்பதில்லை.

---

மீனாட்சி_சரிபார்ப்பு

அப்படியானால் மறைத்தாலும் அது அங்கே இருக்கிறது. ஆனால் பயப்பட ஒன்றுமில்லை. இங்கேதான் பலருக்குக் குழப்பம், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

26AS-இல் சம்பளத்துக்கு 192 என்று வரும். தொழில்முறைக் கட்டணத்துக்கு 194J. ஒருவருக்கு ஒரே மாதங்களில் இரண்டு வெவ்வேறு கம்பெனிகளிலிருந்து 192 வந்திருந்தால் நாங்கள் உட்கார்ந்து பார்ப்போம். அவர் இரண்டு இடத்தில் சம்பளத்துக்கு இருந்திருக்கிறார், இரண்டு மேலாளர்களிடமும் ஒரே வேலை நேரத்தை விற்றிருக்கிறார் என்று அர்த்தமாகலாம். ஒரு 192-உம் பக்கத்தில் சிறிய தொகைகளாகச் சில 194J-உம் இருந்தால், அவருக்கு வெளியே சின்னச் சின்ன வேலை இருக்கிறது என்று மட்டும்தான் தெரியும். ரெஸ்யூமில் அதைப் பற்றி ஒரு வரி இருந்தால் இரண்டையும் ஒட்டிப் பார்த்துவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடுவோம். ஒரு வரியும் இல்லாவிட்டால்தான் "டிஸ்க்ரிபன்சி" என்று ரிப்போர்ட்டில் எழுதுவோம். அந்தச் சொல்லைப் பார்த்ததும் பல ஹெச்ஆர் மேலே படிக்காமலே ஃபைலை மூடிவிடுவார்கள்.

விப்ரோ விஷயத்தில், போட்டி நிறுவனங்களுக்கு நேரடியாக வேலை பார்த்தவர்கள் என்றுதான் அதன் தலைவர் ரிஷத் பிரேம்ஜி 2022 செப்டம்பரில் சொன்னார். அடுத்த மாதமே இன்ஃபோசிஸ், மேலாளரும் ஹெச்ஆரும் அனுமதித்தால் வெளியே சின்ன வேலைகள் செய்யலாம் என்று விதி வைத்தது.

ஃபேக்டரி சட்டத்தின் 60-ஆம் பிரிவு, ஒரு தொழிற்சாலையில் அன்று வேலை பார்த்த தொழிலாளி அதே நாளில் இன்னொரு தொழிற்சாலையில் வேலை பார்க்கக் கூடாது என்கிறது. வீட்டில் உட்கார்ந்து வரைவது அதில் வராது. உங்களைக் கட்டுப்படுத்துவது உங்கள் அப்பாயின்ட்மென்ட் ஆர்டர். அதில் "முன் எழுத்து அனுமதி இல்லாமல் வேறு தொழில் கூடாது" என்ற மாதிரி ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்கும்.

மனைவி பெயருக்கு மாற்றுவது வேண்டாம். பழைய நான்கு வருட வரி உங்கள் பானில்தான் இருக்கிறது, அது மாறாது. தொழில் அவர் பெயரில் இருந்தால் அந்த அனுபவத்தை உங்களுடையது என்று ரெஸ்யூமில் போடவும் முடியாது. நீங்கள் இழக்க விரும்பாததே அதுதானே?

---

திருப்பூர்_சரவணன்

26AS வரைக்கும் கேட்பார்கள் என்பது எனக்குப் புதிது மேடம். எங்கள் கம்பெனியில் ஃபார்ம் 16-ஓடு முடித்துவிடுவார்கள். ஆனாலும் கேட்காத கம்பெனிகள்தான் அதிகம் என்பது என் எண்ணம்.

---

ஓசூர்_பாலா

நான் டிசைன் டீமுக்கு ஆள் எடுப்பவன். வால்வு, கியர் ஹவுசிங் மாதிரி வார்ப்பட உதிரிகள்தான் எங்கள் வேலை. பேட்டர்ன் தெரிந்த டிசைனர் கிடைத்தால் எனக்கு மகிழ்ச்சிதான், நிஜமாகவே. ஆனால் அந்த ரெஸ்யூமை நான் பார்த்திருந்தால் நானும் தயங்கியிருப்பேன். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் "நிறுவனர்". ஒரே ஆள் இரவில் செய்யும் வேலைக்கு இந்தப் பட்டம் வந்தால், இவர் ஆறு மாதத்தில் கிளம்பித் தனியாகத் தொழில் தொடங்கிவிடுவார் என்று தோன்றும். அடுத்தது 11 ஆண்டுகள். 2018-இலிருந்து 2025 வரை ஏழுதான். காலண்டரில் ஒரே மாதத்தை இரண்டு தடவை எண்ணியிருக்கிறீர்கள். நீங்கள் ஏமாற்ற நினைக்கவில்லை என்று புரிகிறது, ஆனால் கணக்குப் போட்டுப் பார்ப்பவருக்கு முதலில் தோன்றுவது அதுதான். கன்சல்டன்சிக்காரர் அங்கேயே நின்றிருப்பார்.

இதை எல்லாம் ஒரு மணி நேரத்தில் திருத்திவிடலாம். நேர்முகத்தில் உட்கார்ந்தால் நான் கேட்கப்போகும் மூன்று கேள்விகள் அதைவிடக் கடினமானவை, அதற்கு இங்கேயே பதில் சொல்லிப் பாருங்கள். எந்த மென்பொருளில் வரைகிறீர்கள், உரிமம் யாருடையது? உங்கள் ஃபவுண்டரிகளில் ஏதாவது உங்கள் கம்பெனிக்கு வார்ப்படம் சப்ளை செய்கிறதா? எங்களிடம் சேர்ந்தால் இதைத் தொடர்வீர்களா?

---

வரைகலை_கோவை

நன்றி பாலா சார். மென்பொருள் நானே வருடச் சந்தா கட்டி வாங்கியது, பில் இருக்கிறது. ஆபீஸ் லேப்டாப்பைத் தொட்டதே இல்லை.

இரண்டாவது கேள்வியைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. குறிச்சி சிட்கோ பக்கம் இருக்கும் ஒரு ஃபவுண்டரி எங்கள் கம்பெனிக்கும் வார்ப்படம் தருகிறது. ஆனால் நான் அவர்களுக்குச் செய்தது டெக்ஸ்டைல் மெஷின் உதிரி. பம்ப் உதிரி எதுவும் யாருக்கும் செய்ததில்லை, அதில் கவனமாக இருந்தேன்.

மேலாளரிடம் 2021-லேயே வாய்மொழியாகச் சொன்னேன். "வேலைக்குத் தொந்தரவு இல்லாமல் பார்த்துக்கொள்" என்றார். எழுத்தில் எதுவும் இல்லை. அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் மேடம் சொன்ன வரி இருக்கிறது.

---

மாலைவகுப்பு_திருச்சி

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். எனக்கும் இதேதான். 2019 ஜூன் முதல் 2023 ஏப்ரல் வரை ஒரு தனியார் கல்லூரியில் காலை ஷிப்டில் பகுதிநேர விரிவுரையாளர். 2021 ஜூன் முதல் 2023 ஏப்ரல் வரை இன்னொரு தனியார் கல்லூரியில் மாலை வகுப்பும் எடுத்தேன். இரண்டு இடத்திலும் அனுபவச் சான்றிதழ் வாங்கிவிட்டேன், இரண்டிலும் தேதி மட்டும்தான் இருக்கிறது. பயோடேட்டாவில் ஆறு வருட அனுபவம் என்று போடலாமா?

---

மீனாட்சி_சரிபார்ப்பு

மேடம், நான்கு வருடம் என்றுதான் போட முடியும். பாலா சார் சொன்ன அதே காலண்டர் கணக்கு. ஆனால் உங்கள் நிலைமை வரைகலையைவிட எளிது, ஏனென்றால் இரண்டுமே வெளிப்படையாகப் பகுதிநேரம். தேதி மட்டும் உள்ள சான்றிதழ்களை அடுத்தடுத்து வைத்தால் இரண்டு முழுநேர வேலை மாதிரித் தெரியும், அது ஒன்றுதான் சிக்கல். இரண்டு கல்லூரியிலும் "காலை ஷிப்டு, வாரம் இத்தனை மணி நேரம்", "மாலை ஷிப்டு, வாரம் இத்தனை மணி நேரம்" என்று சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள். பயோடேட்டாவிலும் அதே மணி நேரத்தைப் போடுங்கள். பார்ப்பவர் மனதுக்குள் ஒரு நாளைப் போட்டுப் பார்ப்பார், காலை இங்கே, மாலை அங்கே என்று பொருந்திவிட்டால் அடுத்த கேள்வி வராது.

வரைகலை, உங்களுக்கும் அதைத்தான் செய்யப்போகிறேன். தமிழில் எழுதுகிறேன், ஆங்கிலத்தில் நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

> பணி அனுபவம் (7 ஆண்டுகள்)
> சீனியர் டிசைன் இன்ஜினியர், (பம்ப் நிறுவனம்), கோவை. முழுநேரம். ஜூலை 2018 – இன்றுவரை.
> (இங்கே உங்கள் வழக்கமான நான்கைந்து வரிகள்)
>
> பகுதிநேரத் தொழில்முறைப் பணி
> பேட்டர்ன் மற்றும் வார்ப்பட வரைபடச் சேவை, தனி உரிமை, கோவை. ஏப்ரல் 2021 – இன்றுவரை. அலுவலக நேரத்துக்கு வெளியே, வாரம் ஏறக்குறைய 8 மணி நேரம்.
> சிறு ஃபவுண்டரிகளுக்காகப் பழைய வரைபடங்களையும் மாதிரி உதிரிகளையும் 3டி மாடலாக மாற்றுதல். பேட்டர்னுக்கான சுருக்க, மெஷினிங் அளவுகளைத் தீர்மானித்தல். பம்ப் துறை வேலைகள் ஏற்கப்படுவதில்லை. சொந்த மென்பொருள் உரிமம்.

8 மணி நேரம் என்பது என் ஊகம், உண்மையான அளவைப் போடுங்கள். வாரம் 25 மணி நேரம் என்றால் மறைக்க வேண்டாம், ஆனால் கேள்வி வரும் என்று தெரிந்துகொண்டு போடுங்கள்.

தலைப்பு தனியாக இருப்பது முக்கியம். ஒரே பட்டியலில் இரண்டு "இன்றுவரை" வந்தால் கண் அங்கே இடறும். தனித்தலைப்பின் கீழ் வந்தால் படிப்பவரே இதை இன்னொரு வகை வேலை என்று பிரித்துக்கொள்வார். நிறுவனப் பெயர் வேண்டுமானால் போடலாம், ஆனால் "சொல்யூஷன்ஸ்" பெரிய எழுத்தில் வேண்டாம். வேலையின் பெயரே உங்களைச் சரியாகக் காட்டுகிறது.

"நிறுவனத்தின் அனுமதியோடு" என்று எழுதச் சிலர் சொல்வார்கள். உங்களிடம் எழுத்து இல்லை. எழுதாதீர்கள். சரிபார்ப்பவர் உங்கள் ஹெச்ஆருக்கு ஒரு மெயில் போட்டால், அங்கே பதிவில் ஒன்றும் இருக்காது.

---

வரைகலை_கோவை

மிக்க நன்றி மேடம். இரண்டு சந்தேகம். உத்யம் பதிவு 2022 ஆகஸ்டில்தான் வாங்கினேன். தொடக்கம் ஏப்ரல் 2021 என்று போடலாமா? அப்புறம், லிங்க்ட்இன்னில் இன்னும் "நிறுவனர்" என்றுதான் இருக்கிறது.

---

மீனாட்சி_சரிபார்ப்பு

முதல் பில்லோ வங்கியில் முதல் வரவோ எந்த மாதம் இருக்கிறதோ அந்த மாதம். ஏப்ரல் 2021-க்கு அப்படி ஒன்று காட்ட முடிந்தால் தாராளமாகப் போடுங்கள். உத்யம் பதிவு தாமதமாக வாங்குவது சகஜம், அதை வைத்து யாரும் தொடக்கத்தை முடிவு செய்வதில்லை. ஆனால் ரெஸ்யூம், லிங்க்ட்இன், பிறகு சரிபார்ப்புக்காக அவர்கள் தரும் படிவம், மூன்றிலும் ஒரே மாதம் இருக்க வேண்டும். லிங்க்ட்இன்னில் பணி வகை என்ற இடத்தில் பகுதிநேரம் அல்லது சுயதொழில் என்று தேர்ந்தெடுக்கலாம். இன்றே மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று, சரவணன் சாருக்கும் சேர்த்து. ரெஸ்யூம் என்பது நீங்கள் தேர்ந்தெடுத்துக் காட்டுவது. உங்களுடைய பக்கத்தொழில் வாரக் கடைசியில் மேடை அலங்காரம் என்று வையுங்கள், டிசைன் வேலைக்கான ரெஸ்யூமில் அதைப் போடாமல் விட்டால் யாரும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் சேரும்போது ஒரு டிக்ளரேஷன் படிவம் தருவார்கள், "வேறு தொழில், வேறு வருமானம், வேறு நிறுவனத்தில் பங்கு உண்டா" என்று கேட்கும். அதில் "இல்லை" என்று டிக் செய்துவிட்டால் அது பொய்யான கையெழுத்து. நான் பார்த்த வரையில் பணி நீக்கம் வரை போனவை எல்லாம் இந்தப் படிவத்தில் ஆரம்பித்தவைதான்.

---

திருப்பூர்_சரவணன்

இந்த வித்தியாசத்தை ஏற்கிறேன். ஆனால் தம்பியின் இப்போதைய கம்பெனி? புதிய இடத்துக்கு உண்மையைச் சொல்லப்போய், பழைய இடத்தில் ரிலீவிங் லெட்டர் நின்றுவிட்டால்? எழுத்து அனுமதி இல்லாமல் நான்கு வருடம் செய்திருக்கிறார், அதையும் யோசியுங்கள்.

---

ஓசூர்_பாலா

அது நியாயமான பயம். என் கருத்து, இப்போதே மேலாளருக்கு ஒரு மெயில் போட்டுவிட வேண்டும். "2021-இல் உங்களிடம் சொன்னபடி வெளியே வரைபட வேலை செய்கிறேன், பம்ப் சம்பந்தமானது இல்லை" என்று இரண்டு வரி. அந்தக் குறிச்சி ஃபவுண்டரியின் பெயரையும் சேர்த்து. சப்ளையரிடம் நம் ஆள் பணம் வாங்குகிறார் என்று வேறு வழியில் தெரிந்தால், டெக்ஸ்டைல் உதிரியா பம்ப் உதிரியா என்று யாரும் கேட்க மாட்டார்கள். சப்ளையர் ரேட் பேசும்போது நீங்கள் எந்தப் பக்கம் என்றுதான் கேட்பார்கள்.

---

மீனாட்சி_சரிபார்ப்பு

இதில் நான் பாலா சாரோடு முழுவதும் ஒத்துப்போகவில்லை. நான்கு வருடம் கழித்து, ராஜினாமாவுக்குச் சில வாரம் முன்னால் அப்படி ஒரு மெயில் போனால், ஹெச்ஆர் அதை ஒரு புகார் மாதிரித்தான் எடுத்துக்கொள்வார்கள். அந்த ஒரு ஃபவுண்டரியின் கையில் உள்ள வேலையை முடித்துக்கொடுத்துவிட்டு அதோடு நிறுத்துவது நல்லது என்று நினைக்கிறேன். யாராவது கேட்டால் உள்ளதைச் சொல்ல வேண்டும், அதில் மாற்றுக் கருத்து இல்லை.

---

ஓசூர்_பாலா

நிறுத்துவது சரி. ஆனால் ஏற்கெனவே வாங்கிய பணம் 26AS-இல் அந்த ஃபவுண்டரி பெயரோடு இருக்குமே? அவர்கள் டிடிஎஸ் பிடித்த இரண்டு பேரில் ஒருவரா?

---

வரைகலை_கோவை

ஆமாம் சார், அவர்கள்தான். அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை நண்பர் ஒருவர், வழக்கறிஞர், பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். அவர் படித்த பிறகு மெயில் விஷயத்தை முடிவு செய்கிறேன். ரெஸ்யூமை மேடம் எழுதியபடி மாற்றிவிட்டேன், மணி நேரம் பத்து என்று போட்டிருக்கிறேன், அதுதான் உண்மை.

பாலா சாரின் மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. புதிய இடத்தில் அனுமதித்தால் தொடர விருப்பம், அனுமதிக்காவிட்டால் நிறுத்திவிடுவேன். இதை அப்படியே சொல்லலாமா?

---

ஓசூர்_பாலா

அப்படியே சொல்லுங்கள். ஆனால் அவர்கள் கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம், இரண்டாவது சுற்றிலேயே நீங்களே எடுங்கள். ஆஃபர் லெட்டர் வந்த பிறகு சொன்னால், கேட்பவருக்கு இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்றுதான் தோன்றும். அனுமதித்தால் ஆஃபர் லெட்டரிலேயே ஒரு வரியாக வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் கம்பெனியில் வார்ப்படம் சார்ந்த வெளிவேலைக்கு அனுமதி கிடைக்காது, எங்கள் சப்ளையர்கள் எல்லாம் அதே வட்டம். வேறு துறைக் கம்பெனி என்றால் கிடைக்கலாம்.

வரைபடங்களை நேர்முகத்துக்குக் கொண்டுபோனால் வாடிக்கையாளர் பெயர், பார்ட் நம்பர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுக் கொண்டுபோங்கள். ஒருவர் இன்னொரு கம்பெனியின் டிராயிங்கை டைட்டில் பிளாக்கோடு என்னிடம் விரித்துக் காட்டினார். நாளை எங்களுடையதையும் இப்படித்தானே விரிப்பார் என்று நினைத்து அவரை எடுக்கவில்லை.

---

மாலைவகுப்பு_திருச்சி

மீனாட்சி மேடம், ஒரு கேள்வி. மாலை வகுப்பு நடத்திய கல்லூரியில் இப்போது அந்த ஷிப்டையே நிறுத்திவிட்டார்கள். பழைய முதல்வரும் ஓய்வு பெற்றுவிட்டார். மணி நேரத்தை யாரிடம் எழுதி வாங்குவது?

---

மீனாட்சி_சரிபார்ப்பு

கல்லூரி இயங்குகிறதென்றால் இப்போதைய முதல்வரே தரலாம். அலுவலகத்தில் அந்த வருடங்களின் டைம்டேபிள் இருக்கும், அதில் உங்கள் பெயருள்ள பக்கத்தின் நகலில் கையெழுத்தும் முத்திரையும் கேளுங்கள். அதுவும் கிடைக்காவிட்டால் மாதாமாதம் சம்பளம் வந்த பாஸ்புக் பக்கங்களை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று பேசி வாங்கியிருந்தால் அந்தத் தொகையே மணி நேரத்தைக் காட்டிவிடும். உங்களுக்கு மணிக் கணக்கிலா, மாதத் தொகையா?